க்ளூனி மடம்: பக்கத்து ஊர் பிரபுவிடமிருந்து தப்பிக்க, தூரத்து போப்பைக் காவலுக்கு வைத்த கதை

புதுச்சேரியில் 'க்ளூனி' எம்பிராய்டரி கடையைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் 'க்ளூனி கான்வென்ட்' பள்ளி இருக்கிறது. 1827-ல் புதுச்சேரிக்கு வந்த கன்னியர் சபையின் பெயரிலிருந்து வந்தவை இவை. அந்தச் சபை தன் பெயரை எடுத்தது பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் உள்ள க்ளூனி என்ற சிற்றூரிலிருந்து.

அந்த ஊரில் 910-ல் ஒரு மடம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய பிரபு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம், 'இனி இந்த மடத்தின் மேல் எனக்கோ, என் சொந்தக்காரர்களுக்கோ, எந்த அரசருக்கோ அதிகாரம் இல்லை' என்று சொன்னது. மடம் ரோமின் பாதுகாப்பில் இருக்கும். ஆனால் ரோமில் இருக்கும் போப்பும் அதன் சொத்தில் கை வைக்கக்கூடாது.

கொடுத்தவரே தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு பூட்டிய பூட்டு இது. அது ஏன் தேவைப்பட்டது, எப்படி வேலை செய்தது, எங்கே உடைந்தது?

மடத்துக்கு உள்ளூர் பிரபுவால் என்ன பிரச்சினை?

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு பிரபு தன் நிலத்தில் தேவாலயமோ மடமோ கட்டினால், அது அவருடைய குடும்பச் சொத்து. ஆலை, திராட்சைத் தோட்டம் மாதிரி அதையும் மகனுக்குக் கொடுக்கலாம், மகளுக்குச் சீதனமாகத் தரலாம், விசுவாசமான தளபதிக்குச் சம்பளத்துக்குப் பதிலாக எழுதி வைக்கலாம். மடத்தின் வருமானம் யாருக்குப் போகும் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

இதைச் செய்ய எளிய வழி, மடாதிபதி பதவியைத் தானே எடுத்துக்கொள்வது. துறவு பூணாத, மனைவி மக்களோடு வாழ்கிற ஒரு பிரபு 'மடாதிபதி' என்ற பட்டத்தோடு வருமானத்தை வாங்கிக்கொள்வார். உள்ளே இருக்கும் துறவிகளுக்கு மிச்சம் மீதி. வருமானம் போனால் துறவிகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிவரும். அப்படித் தனித்தனியாகப் பிரிந்துவிட்டால், எல்லாரும் சேர்ந்து வாழ்ந்து, ஒரே நேரத்தில் எழுந்து பிரார்த்தனை செய்ய வேண்டும் என்கிற பெனடிக்ட் ஒழுங்குவிதி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

9-ம் நூற்றாண்டின் கடைசியில் இது இன்னும் மோசமானது. சார்லமேனின் பேரரசு அவருடைய வாரிசுகளிடையே சிதறியது. வடக்கே வைக்கிங், கிழக்கே மாக்யார், தெற்கே கடல்வழி வந்த அரபுப் படைகள் எனத் தாக்குதல்கள். மடங்களைக் காக்க வேண்டிய அரசருக்கு உள்ளூரில் கைநீளம் இல்லாமல் போனது. 'நான் காப்பாத்துறேன்' என்று வந்த உள்ளூர் பிரபுவே மடத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். பயிரை மேய்ந்த வேலி.

பத்திரம் எழுதியவர் யார்?

அக்விட்டேன் டியூக் முதலாம் வில்லியம். பிரான்ஸின் தெற்கிலும் நடுவிலும் பெரிய நிலப்பரப்பை ஆண்டவர். 'பக்திமான்' என்று வரலாறு இவரை அழைக்கிறது. ஆனால் இவரே ப்ரியூத் என்ற ஊரின் பெரிய மடத்துக்குத் துறவியாகாத மடாதிபதியாக இருந்தவர். அதாவது, நோய் எப்படி வேலை செய்யும் என்பது இவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

அவருக்கு வாரிசு நிலைக்கவில்லை. தன் ஆன்மாவுக்காகவும், மனைவி இங்கெல்பெர்கா, பெற்றோர், உறவினர் ஆன்மாக்களுக்காகவும் காலமெல்லாம் பிரார்த்தனை நடக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கு மடம் தொடர்ந்து ஒழுங்காக நடக்க வேண்டும். தான் செத்த பிறகு யாரோ ஒரு சொந்தக்காரன் வந்து மடத்தை எடுத்துக்கொண்டால் பிரார்த்தனையும் நின்றுவிடும். ஆக, கட்டுப்பாட்டை விட்டுக்கொடுப்பதுதான் அவருக்கு லாபம்.

பெர்னோ என்ற துறவியை அழைத்தார். ஏற்கெனவே போம், ஜிக்னி மடங்களை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தவர் அவர். க்ளூனி, வில்லியமுக்குச் சகோதரி ஆவா வழியாக வந்த பண்ணை. வேட்டைக்குப் போகிற இடம். பெர்னோ அந்த இடத்தைக் கேட்டதும், 'என் வேட்டை நாய்களை எங்கே கொண்டுபோவது?' என்று வில்லியம் தயங்கினாராம். 'நாய்களால் கிடைக்கும் பலன் எது, துறவிகளால் கிடைக்கும் பலன் எது என்று உங்களுக்கே தெரியுமே' என்றாராம் பெர்னோ. பின்னாளில் சொல்லப்பட்ட கதை இது. ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைச் சரியாகச் சொல்கிறது.

910 பத்திரத்தில் என்னதான் இருக்கிறது?

910 செப்டம்பர் 11 அன்று பூர்ஜ் நகரில் பத்திரம் கையெழுத்தானது. வயல், திராட்சைத் தோட்டம், புல்வெளி, காடு, நீர்நிலை, மாவு ஆலை, அங்கே வேலை செய்யும் பண்ணையடிமைகள் என எல்லாமே தானம். முக்கியமான ஷரத்துகள் நான்கு.

முதலாவது, உரிமையாளர் யார் என்பது. சொத்து பெர்னோவுக்கோ துறவிகளுக்கோ கொடுக்கப்படவில்லை. இயேசுவின் சீடரான பேதுருவுக்கும், பவுலுக்கும் கொடுக்கப்பட்டது. இருவரும் இறந்து 800 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டாவது, தலைவர் யார் என்பது. பெர்னோ உயிரோடு இருக்கும்வரை அவர் மடாதிபதி. அதன் பிறகு, துறவிகளே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வெளியிலிருந்து யாரும் குறுக்கிடக்கூடாது.

மூன்றாவது, யார் நுழையக்கூடாது என்பது. வில்லியம், அவர் உறவினர், அரசர், பிற பிரபுக்கள், ஆயர், போப் என வரிசையாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது பத்திரம். யாரும் சொத்தைப் பறிக்கவோ, குறைக்கவோ, மாற்றிக்கொள்ளவோ, வேறொருவருக்கு மானியமாகத் தரவோ கூடாது. துறவிகளுக்கு விருப்பமில்லாத தலைவரை அவர்கள் மேல் திணிக்கவும் கூடாது.

நான்காவது, ரோமுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 10 சொலிடஸ். பேதுரு, பவுல் தேவாலயங்களில் விளக்கு எரிக்க. அன்றைய கணக்கில் ஒரு சொலிடஸ் என்பது 12 வெள்ளிக்காசு. ஆக, மொத்தம் 120 காசு. வருடத்துக்குப் பிரித்தால் 24 வெள்ளிக்காசு. இவ்வளவு பெரிய பண்ணைக்கு இது வாடகையே இல்லை. 'நாங்கள் ரோமைச் சேர்ந்தவர்கள்' என்று அஞ்சு வருடத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்தும் ரசீது, அவ்வளவுதான்.

மீறினால்? நூறு பவுண்டு தங்கம் அபராதம். அதோடு ஒரு நீண்ட சாபம். மோசேயை எதிர்த்ததால் பூமி பிளந்து விழுங்கிய தாத்தான், அபிராம் கதியும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கதியும் அவனுக்கு வரட்டும் என்கிறது பத்திரம்.

இது நமக்குப் பழக்கமான விஷயம் மாதிரி இருக்கே?

ஆமாம். அதே 910-ல் மைசூர் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிற தலக்காட்டைத் தலைநகராகக் கொண்டு கங்கர்கள் ஆண்டார்கள். தமிழ்நாட்டில் முதலாம் பராந்தகச் சோழன் ஆட்சி. இங்கேயும் கோயில்களுக்கும் சமணப் பள்ளிகளுக்கும் பிராமணக் குடியிருப்புகளுக்கும் நிலம் தானமாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்குத் தலைமையகம் மைசூரில்தான் இருக்கிறது. கல்வெட்டுகளில் ஈரத் தாளை ஒட்டி, மை தடவி எடுத்த ஆயிரக்கணக்கான படிகள் அங்கே சேர்ந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது செய்திகளில் அடிபட்ட அலுவலகம் அது. அந்தப் படிகளில் பெரும்பகுதி தான ஆவணங்கள். க்ளூனி பத்திரத்தின் ஷரத்துகளை அவற்றோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமான ஒற்றுமை தெரியும்.

உரிமையாளர் பேதுரு என்பது, நம் ஊரில் நிலம் 'தேவதானம்' ஆவது போல. சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் சண்டேசுவரர் பெயரில் நடந்தது. இறைவனுடைய சொத்துக்கு அவர் நிர்வாகி. க்ளூனியில் சொத்து பேதுருவுடையது, பேதுருவின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் போப் அதற்குக் காவலர். இன்றைக்கும் இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒரு 'சட்டபூர்வ நபர்'. உரிமையாளர் சாகமாட்டார், கல்யாணம் பண்ணமாட்டார், கடன் வாங்கமாட்டார். அதனால் சொத்து வாரிசுகளிடம் போகாது.

'உள்ளே நுழையாதே' என்ற ஷரத்தும் உண்டு. தக்காணத்து ராஷ்டிரகூடர் செப்பேடுகளில், தானம் கொடுத்த ஊருக்குள் சாடர், படர் எனப்படும் அரசு ஆட்கள் நுழையக்கூடாது என்று எழுதியிருக்கும். சாபமும் உண்டு. தானத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரி.

அப்போ க்ளூனியில் என்ன புதுசு? நம் தானங்களில் காவலர் பெரும்பாலும் அதே அரசர்தான், அவருக்குப் பின் அவர் வாரிசு. க்ளூனியில் கொடுத்தவர் வேறு, காவலர் வேறு. காவலர் வேறொரு நாட்டில், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, பல வாரப் பயண தூரத்தில் இருந்தார்.

காவலுக்கு ஏன் ரோம்?

அன்றைய போப் பதவி பலமாக இருந்ததால் அல்ல. நேர் எதிர். 10-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் போப்பை யார் ஆக்குவது என்பதை ரோம் நகரத்துப் பணக்காரக் குடும்பங்கள் தீர்மானித்தன. 931-ல் க்ளூனிக்குப் பெரிய சலுகைகள் கொடுத்த போப் 11-ம் ஜான், ரோமை ஆட்டிவைத்த மரோசியா என்ற பிரபுகுலப் பெண்ணின் மகன். பர்கண்டிக்குப் படை அனுப்புவது இருக்கட்டும், தன் ஊரையே அவர் ஆளவில்லை.

ஆனால் வில்லியமுக்குத் தேவைப்பட்டது அதுதான். காவலர் பக்கத்தில் பலசாலியாக இருந்தால் நாளைக்கு அவரே எஜமானர் ஆவார். தூரத்தில் இருப்பவருக்கு மரியாதை மட்டும் கொடுத்தால் போதும். மாகோன் நகரத்து ஆயர் க்ளூனியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருந்தார், குதிரையில் ஒரே நாளில் வந்துவிடலாம். போப்பால் அப்படி வரமுடியாது.

இந்த யோசனை வில்லியமின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஜிரார் என்ற பர்கண்டிப் பிரபு வெசலே மடத்தை இதே மாதிரி ரோமின் பாதுகாப்பில் வைத்தார். க்ளூனி வித்தியாசப்பட்டது அதற்குப் பிறகு நடந்ததில்தான். 931-ல் கிடைத்த போப்பின் ஆணை, வேறு மடங்களைச் சீர்திருத்தத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவும், தங்கள் மடம் சரியில்லை என்று வருகிற துறவிகளைச் சேர்த்துக்கொள்ளவும் க்ளூனிக்கு அனுமதி தந்தது. ஒரு மடத்தின் பாதுகாப்பாக இருந்தது இப்போது மற்ற மடங்களுக்கும் பரவக்கூடிய ஒன்றாக மாறியது.

இரண்டாவது மடாதிபதி ஓடோ அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஃப்ளூரி மடத்தைச் சீர்திருத்தப் போனபோது, அங்கிருந்த துறவிகள் கூரை மேல் ஏறி, கல்லும் ஆயுதமுமாக நின்றார்களாம். ஓடோ தனியாக ஒரு கழுதை மேல் ஏறி உள்ளே போனதும் அடங்கிவிட்டார்கள் என்கிறார் அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் ஜான். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் சீர்திருத்தம் என்றாலே எல்லா மடங்களும் கதவைத் திறந்து வரவேற்கவில்லை என்பது தெரிகிறது.

இரண்டாவது பூட்டு: ஆயர்

இந்த விஷயத்தில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். 910 பத்திரம் மடத்தின் *சொத்தையும்* தேர்தலையும்தான் காப்பாற்றியது. *சமய அதிகாரம்* உள்ளூர் ஆயரிடமே இருந்தது. துறவிகளுக்குக் குருப்பட்டம் கொடுப்பது, புதுப் பீடத்தை அர்ச்சிப்பது, தப்பு செய்தால் திருச்சபையிலிருந்து விலக்குவது எல்லாம் அவர் கையில். சொத்துக் கதவைப் பூட்டிவிட்டு இந்தக் கதவைத் திறந்து வைத்தால், ஆயர் அது வழியாக வந்து மடாதிபதியை மிரட்டலாம். 'நான் சொல்வதைக் கேட்காவிட்டால் உங்கள் ஆட்களுக்குக் குருப்பட்டம் கிடையாது' என்று சொன்னால் போதும்.

அதனால் க்ளூனி மறுபடி ரோமுக்குப் போனது. 10-ம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் போப் 5-ம் கிரகோரி, மடாதிபதி அழைக்காமல் எந்த ஆயரும் க்ளூனிக்குள் வந்து பூஜையோ பட்டமளிப்போ நடத்தக்கூடாது என்றார். குருப்பட்டத்துக்குத் துறவிகள் விரும்பிய ஆயரிடம் போகலாம். 1024-ல் போப் 19-ம் ஜான் இன்னொரு படி போனார். க்ளூனித் துறவி எங்கே இருந்தாலும், எந்த ஆயரும் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்க முடியாது.

காகிதத்தில் இது முழு விடுதலை. அடுத்த வருடமே சோதனை வந்தது.

1025-ல் லியோன் அருகே உள்ள ஆன்ஸ் என்ற ஊரில் ஆயர்கள் கூடினார்கள். மாகோன் ஆயர் கோஸ்லான் எழுந்து ஒரு புகார் சொன்னார். வியென் நகரப் பேராயர் புர்ஷார், தன் அனுமதி இல்லாமல், தன் எல்லைக்குள் வந்து க்ளூனித் துறவிகளுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார் என்பதுதான் புகார். பேராயர், தன்னை அழைத்தது க்ளூனி மடாதிபதி ஓடிலோ என்று அவரைக் கைகாட்டினார். அங்கேயே இருந்த ஓடிலோ போப்பின் ஆணையை எடுத்துக் காட்டினார்.

ஆயர்கள் அசரவில்லை. 451-ல் கால்செடன் நகரில் கூடிய பெரிய சங்கத்தின் விதிகளை எடுத்து வாசித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் துறவிகள் அந்தப் பகுதி ஆயருக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அந்த விதி. 'இந்த விதிக்கு எதிரான ஆணை செல்லாது' என்று தீர்மானித்தார்கள். பேராயர் மன்னிப்புக் கேட்டார். க்ளூனி தோற்றது.

இங்கே மோதியது இரண்டு விதமான சட்டம். ஒன்று, எல்லாருக்கும் பொதுவான பழைய விதி. இன்னொன்று, ஒரு மடத்துக்கு மட்டும் போப் கொடுத்த சலுகை. எது மேலானது என்று தீர்க்க அன்றைக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு முறையே இல்லை. போப் 1027-ல் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார். அதைத் தாண்டி அவரால் செய்ய முடிந்தது அதிகம் இல்லை.

ஏறக்குறைய 40 வருடம் கழித்து நிலைமை மாறியிருந்தது. இன்னொரு மாகோன் ஆயரான ட்ரோகோ, ஆயுதம் ஏந்திய ஆட்களோடு க்ளூனி வாசலுக்கு வந்து தன் உரிமையை நிலைநாட்டப் பார்த்தார். இந்த முறை ரோம் கடிதத்தோடு நிற்கவில்லை. 1063-ல் பீட்டர் டாமியன் என்ற மூத்த கர்தினால் போப்பின் தூதராக நேரில் ஆல்ப்ஸைத் தாண்டி வந்தார். ஷாலோன் நகரில் கூடிய சங்கத்தில் க்ளூனியின் ஆவணங்கள் வாசிக்கப்பட்டன. ட்ரோகோ பணிந்து, தவமுறையை ஏற்றுக்கொண்டார்.

அதே ஊர், அதே ஆயர் பதவி, அதே மாதிரி ஆணை. மாறியது என்ன? ரோமில் போப் பதவி பலமாகிவிட்டது. ஆணையை அமல்படுத்த நேரில் ஆள் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த நடுவிலான 150 வருடம் யார் காப்பாற்றினார்கள்?

போப்பிடம் படை இல்லை, ஆயர்கள் ஆணையை மதிக்கவில்லை என்றால் மடம் எப்படித் தப்பித்தது? இதற்குப் பதில் க்ளூனியின் பத்திரக் குவியலில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அச்சிடத் தொடங்கிய அந்தத் தொகுப்பில் 5,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. பெரும்பாலும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் மடத்தோடு செய்துகொண்ட சின்னச் சின்னப் பரிமாற்றங்கள்.

வரலாற்றாசிரியர் பார்பரா ரோசன்வைன் இவற்றில் ஒரு சுழற்சியைக் கவனித்தார். ஒரு குடும்பம் ஒரு துண்டு நிலத்தைத் தானம் செய்யும். சில வருடம் கழித்து மகனோ மருமகனோ வந்து 'அது எங்கள் நிலம்' என்று உரிமை கேட்பார். பேச்சுவார்த்தை நடக்கும். கடைசியில் அதே நிலத்தை அவர் மறுபடி தானம் செய்வார். சில நேரம் அடுத்த தலைமுறையில் இதே நாடகம் திரும்பவும் நடக்கும்.

சொத்துத் தகராறு மாதிரி தெரிகிற இதில் இன்னொன்றும் இருக்கிறது. நிலம் பேதுருவுக்குப் போனால், அந்த நிலத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர் பேதுருவின் பக்கத்து வீட்டுக்காரர். கொடுத்து, கேட்டு, திரும்பக் கொடுத்து அந்த உறவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். பிரபுவின் பிடியிலிருந்து விடுபட்ட மடம் பிரபுக்களிடமிருந்து துண்டித்துக்கொள்ளவில்லை. ஒரே குடும்பத்தின் சொத்தாக இல்லாததாலேயே எல்லாக் குடும்பங்களும் அதற்குத் தானம் கொடுக்க முடிந்தது. ஒருவர் கை வைத்தால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். நடைமுறையில் காவல் இதுதான்.

இன்னொரு காரணம், தலைமையின் தொடர்ச்சி. 954 முதல் 1109 வரை மயோலுஸ், ஓடிலோ, ஹ்யூ என மூன்றே மடாதிபதிகள். மூன்று பேருக்கும் சேர்த்து 155 வருடம். ஆனால் இங்கே ஒரு சின்ன முரண் உண்டு. பத்திரம் சொன்ன 'சுதந்திரத் தேர்தல்' தொடக்கக் காலத்தில் அப்படி நடக்கவில்லை. இருக்கிற மடாதிபதி அடுத்தவரைக் கைகாட்டுவார், துறவிகள் ஒப்புக்கொள்வார்கள். வெளியார் தலையீட்டைத் தடுக்க அதுவே சுலபமான வழியாக இருந்தது. நாற்காலி காலியாக இருக்கும் நாட்களில்தானே பிரபு உள்ளே நுழைவார்!

பூட்டு எப்போது உடைந்தது?

முதலில், க்ளூனி தானே பிரபு ஆனது. அதன் கீழ் வந்த மடங்கள் பலவற்றுக்குத் தனி மடாதிபதி கிடையாது. க்ளூனி நியமிக்கும் நிர்வாகிதான். உள்ளூர் பிரபுவிடமிருந்து விடுதலை பெற்ற அந்த மடங்களுக்குத் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கவில்லை. 1088-ல் தொடங்கிய மூன்றாவது தேவாலயம் 180 மீட்டருக்கும் அதிக நீளம். 1095-ல் அதன் முதன்மைப் பீடத்தை அர்ச்சித்த போப் 2-ம் அர்பன், முன்பு க்ளூனியிலேயே துறவியாக இருந்தவர். தூரத்துக் காவலர் இப்போது வீட்டு மனிதர் ஆகிவிட்டார்.

பிறகு 1516. போப் 10-ம் லியோவும் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சிஸும் பொலோனியாவில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரான்ஸில் ஆயர், மடாதிபதி பதவிகளுக்கு ஆள் சொல்வது அரசர், உறுதிசெய்வது போப். 910 பத்திரம் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தடுத்திருந்தது. இரண்டு பேரும் கைகோத்தால் என்ன செய்வது என்று அது யோசிக்கவில்லை.

விளைவு, 17-ம் நூற்றாண்டில் க்ளூனியின் மடாதிபதிகளாக இருந்தவர்கள் பட்டியலில் கர்தினால் ரிஷ்லியூ, கர்தினால் மசாரின் பெயர்கள் இருக்கின்றன. இருவரும் பிரெஞ்சு அரசரின் முதன்மை அமைச்சர்கள். மடத்தில் வாழாமல், பட்டத்தையும் வருமானத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். வில்லியம் எதைத் தடுக்கப் பத்திரம் எழுதினாரோ, அதுவே வேறு உடையில் திரும்பி வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைக்கப்பட்டது. பெரிய தேவாலயத்தின் பெரும்பகுதி இடித்துக் கல்லாக விற்கப்பட்டது.

இன்றைக்கு இதை எதோடு வைத்துப் பார்க்கலாம்?

க்ளூனி பிரித்த இரண்டு கதவுகளை இந்திய உச்ச நீதிமன்றமும் தொட்டிருக்கிறது. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்றான சிரூர் மடத்தின் வழக்கு அது. உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மாகாணத்தின் 1951 அறநிலையச் சட்டம் மடத்தின் நிர்வாகத்தில் நுழைவதை எதிர்த்து மடாதிபதி வழக்குப் போட்டார். 1954 தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. எது வழிபாடு, எது சடங்கு என்பதைச் சமயப் பிரிவினரே முடிவு செய்யலாம். சொத்து நிர்வாகத்தை அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் நிர்வாக உரிமையையே மொத்தமாகப் பறிக்க முடியாது. சட்டத்தின் சில பிரிவுகள் செல்லாது என்று ரத்தாயின.

க்ளூனி முதலில் சொத்துக் கதவைப் பூட்டி, சமயக் கதவுக்காக நூறு வருடத்துக்கு மேல் போராடியது. சிரூர் தீர்ப்பில் சமயக் கதவு மடத்தின் கையில் இருக்கிறது. சொத்துக் கதவின் சாவியில் அரசுக்கும் பங்கு உண்டு.

கோயில், மடம், அறக்கட்டளை பற்றி அடுத்த முறை 'தன்னாட்சி' என்று ஒரு செய்தி வந்தால், க்ளூனிப் பத்திரத்தின் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது? அடுத்த தலைவரை யார் நியமிக்கிறார்கள்? காவலர் என்று சொல்லப்படுபவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்? க்ளூனியின் வரலாற்றில் முதல் கேள்விக்கான பதில் ஏறக்குறைய 900 வருடமாக மாறவே இல்லை, புரட்சி வரும்வரை உரிமையாளர் பேதுருதான். இரண்டாவதுக்கான பதில் 1516-ல் மாறியது. மடம் கைமாற அது போதுமாக இருந்தது.